‘ஏற்படும்’ என்று எழுதியிருந்த படிவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சர்ஜரி வார்டு நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஆபரேஷனைப் பற்றி விளக்குவது டாக்டரின் கடமை. அவர் விளக்கிவிட்டுப் போன பிறகு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் நான்தான்.

சில வருடங்களுக்கு முன் எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஒரு அக்கா பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்தார். மறுநாள் காலை லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன். டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர், நான் படிவத்தை வாசித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஏற்படும்னா கட்டாயம் வருமா சிஸ்டர்? அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?”

படிவத்தில் இருந்தது இதுதான்: “பித்தக் குழாயில் காயம் ஏற்படும். இரத்தக்கசிவு ஏற்படும். வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யலாம்.” அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார், தவறு தாளில் இருந்தது. டாக்டரை மறுபடி கூப்பிட்டேன், அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் அந்த அக்கா கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி ஆங்கிலப் படிவத்தையும் தமிழ்ப் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எல்லா இடத்திலும் ‘மே’ என்ற ஒரே சொல். தமிழில் அதை ஓரிடத்தில் ‘உம்’ என்றும் இன்னோரிடத்தில் ‘லாம்’ என்றும் முடித்திருந்தார்கள். ‘காயம் ஏற்படும்’ என்றால் நடக்கப்போகிறது என்றுதான் யாருக்கும் கேட்கும். ‘செய்யலாம்’ வேறு மாதிரிச் சிக்கல், ‘நீங்க போகலாம்’ என்பதுபோல அது அனுமதி கொடுக்கிற சொல்லும்கூட. வயிற்றைத் திறந்து செய்யலாம் என்றால் எப்போது, எதற்காக? டாக்டர் நினைத்தால் திறந்துவிடலாம் என்று படிக்கவும் இடம் இருக்கிறது.

சட்டம் கவனிக்கும் இடமும் இதுதான். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கிறது. லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்க்கத்தான் அந்தப் பெண் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். அதனால் வயிற்றைத் திறப்பதைப் பற்றிய வரியில் எந்த நிலையில், என்ன செய்வார்கள் என்ற இரண்டுமே இருக்க வேண்டும். டாக்டரோடு உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

“பித்தப்பையைச் சுற்றி வீக்கமோ ஒட்டுதலோ இருந்து குழாய்கள் தெளிவாகத் தெரியாவிட்டால், பாதுகாப்புக்காக வலது விலாவுக்குக் கீழே வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுக்க வேண்டி வரலாம். அப்படி வந்தால் அதே மயக்கத்திலேயே செய்ய நான் சம்மதிக்கிறேன்.”

‘வேண்டி வரலாம்’ என்றதும் அனுமதி வாடை போய்விட்டது, தேவை வந்தால்தான் என்பது தெரிந்துவிட்டது. இந்த வரி முன்பு ‘சிக்கல்கள்’ என்ற தலைப்பில் இருந்தது, அங்கிருந்தும் எடுத்தோம். குழாய் தெரியாதபோது வயிற்றைத் திறப்பது காயத்தைத் தவிர்க்க எடுக்கிற முடிவு, அதைச் சிக்கல் என்று எழுதுவதே தப்பு.

குழாய்க் காயத்துக்கு நான் முதலில் ‘சிறு பிரச்சினைகள் வரலாம்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்படி மழுப்பினால் நாம் சொன்னதாகவே ஆகாது என்றார். அவர் சொன்னது சரி. கடைசியில், 1000 பேரில் ஏறக்குறைய 3 முதல் 5 பேருக்குப் பித்தக் குழாயில் காயம் ஏற்படக்கூடும், அப்போது இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம், அதற்குக் கோயம்புத்தூருக்கு அனுப்புவோம் என்று எழுதினோம். மலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். மேட்டுப்பாளையம் வரை வளைவுப் பாதையில் இறங்கி, அதற்கு மேலும் போகவேண்டும்.

இன்னொரு வரியும் என்னை உறுத்தியது. பலன் பற்றி யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை என்றுதான் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ‘எது நடந்தாலும் மருத்துவர்கள் பொறுப்பல்ல’ என்று ஆகியிருந்தது. நோயாளியையும் பயமுறுத்துகிறது, சட்டத்திலும் நிற்காது, ஏனென்றால் ஆபத்துக்குச் சம்மதிப்பது கவனக்குறைவுக்குச் சம்மதிப்பது ஆகாது. மூலத்தில் உள்ளபடியே மாற்றினோம்.

இப்போது வாசித்து முடித்ததும் “வீட்டில் கேட்டால் என்ன சொல்வீங்க?” என்று கேட்பேன். போன மாதம் ஒரு பெரியவர் சொன்னார்: “ஓட்டை போட்டு எடுப்பாங்க, சரியாத் தெரியலன்னா கிழிச்சு எடுப்பாங்க. ஆயிரத்துல நாலஞ்சு பேருக்குக் குழாய்ல அடிபடும், அப்படி ஆனா கோயம்புத்தூர் போகணும்.” அவரும் ‘அடிபடும்’ என்றுதான் சொன்னார். ஆனால் முன்னால் ஆயிரத்தில் நாலஞ்சு பேர் இருந்ததால் அந்த ‘உம்’ அங்கே சரியாக உட்கார்ந்திருந்தது. கையெழுத்துப் போடத் தாளை நீட்டினேன்.