பச்சைப் புள்ளியைப் பார்க்காமல் ரேட்டிங் போடுவது

டீம்ஸில் நம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி, கணினியைப் பூட்டினாலோ, கீபோர்டையும் மவுஸையும் சில நிமிடங்கள் தொடாமல் இருந்தாலோ மஞ்சளாகிவிடும். அந்தப் புள்ளிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு ஒரு சிக்கலை யோசித்துக்கொண்டிருப்பவருக்கும் மதியம் படுத்துத் தூங்குபவருக்கும் ஒரே மஞ்சள்தான். ஆனாலும் மார்ச் மாதம் அப்ரைசல் படிவத்தைத் திறந்து உட்கார்ந்ததும் பல மேனேஜர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நிறம்தான்.

பணப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதும் ஒரு குழுவை நான் சென்னையில் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒரு டெவலப்பர் முழுக்க முழுக்கத் தென்காசிப் பக்கம் உள்ள தன் ஊரிலிருந்து வேலை செய்கிறார். அதிகாலையில் சில மணி நேரம் உட்காருவார், மதியத்தில் பெரும்பாலும் இருக்க மாட்டார், மாலையில் மறுபடி வருவார். மதியம் பார்த்தால் புள்ளி மஞ்சள். யார் எத்தனை மணி நேரம் லாகின் செய்திருந்தார்கள் என்று மாதாமாதம் ஹெச்ஆரிடமிருந்து ஒரு ஷீட் வரும். அவருடைய ரேட்டிங்கை முடிவு செய்யும்போது அந்த ஷீட்டை நான் திறக்கவில்லை. பிறகு எதை வைத்து ரேட்டிங் போட்டேன் என்று எழுதிவைப்பது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவும்.

அவருக்குக் கொடுத்த பெரிய வேலை ரீகன்சிலியேஷன். வாடிக்கையாளர்கள் செலுத்திய பணத்துக்கு வங்கியிலிருந்து தினமும் ஒரு செட்டில்மென்ட் ஃபைல் வரும். அந்த ஃபைலில் உள்ள ஒவ்வொரு வரியும் நம் கணக்கில் உள்ள ஏதோ ஒரு வரியோடு பொருந்த வேண்டும். அதுவரை அக்கவுன்ட்ஸில் இரண்டு பேர் காலை முழுக்க எக்ஸெலில், ஒவ்வொரு பரிவர்த்தனையையும் அடையாளம் காட்டும் யூடிஆர் நம்பரைத் தேடித் தேடிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அதைத் தானியங்கியாக மாற்றுவதுதான் வேலை.

வேலையைத் தொடங்கும் முன்பே, எந்த நிலையில் இதை முடிந்ததாகக் கொள்வது என்று நானும் அவரும் உட்கார்ந்து எழுதினோம். ஃபைல் வந்த ஒரு மணி நேரத்துக்குள் பொருந்தாத வரிகள் மட்டும் ஒரு பட்டியலாக அக்கவுன்ட்ஸுக்குப் போக வேண்டும். பொருந்திய வரிகளை யாரும் கையால் திறந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கக் கூடாது. ஒரே ஃபைல் தவறுதலாக இரண்டு முறை வந்தாலும் கணக்கு இரண்டு முறை ஏறக் கூடாது. செப்டம்பர் மாதக் கடைசிக்குள் இது உற்பத்திச் சூழலில் ஓட வேண்டும். இந்த நான்கு வரிகளில் அவர் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது எங்கும் இல்லை. டெட்லைன் இருக்கிறது, அதற்கும் அவர் உட்காரும் மணி நேரத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்படி முன்கூட்டி எழுதிவைக்காத இடத்தில்தான் மேனேஜருக்கு லாகின் ஷீட் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம். என்ன எதிர்பார்த்தோம் என்பதே தெளிவாக இல்லாதபோது, ஆண்டு முடிவில் கையில் எண்ணாக இருப்பது அது ஒன்றுதான். வேறு எண்கள் வேண்டுமென்று சிலர், வேலைகளைப் பதிந்துவைக்கும் டிக்கெட்டுகளின் எண்ணிக்கைக்கும், கோடில் சேர்த்த மாற்றங்களான கமிட்டுகளின் எண்ணிக்கைக்கும் போவார்கள். அவையும் அதே போலத்தான் ஏமாற்றும். ஒரு வேலையை ஐந்து டிக்கெட்டாக உடைப்பது எவருக்கும் எளிது. டிக்கெட்டுகளை எண்ணுவதற்குப் பதில், மூடிய பிறகு அவற்றில் எவை திரும்பத் திறக்கப்பட்டன, ஏன் திறக்கப்பட்டன என்று படித்துப் பார்ப்பேன். தேவை மாறியதால் திறந்தது வேறு, அரைகுறையாக முடித்ததால் திறந்தது வேறு. இந்த வேறுபாடு எந்த ரிப்போர்ட்டிலும் வராது. டிக்கெட்டில் உள்ள உரையாடலைப் படித்தால்தான் தெரியும்.

அவருடைய வேலையில் திரும்பத் திறக்கப்பட்டவை சொற்பம்தான். பெரும்பாலும் வங்கி தரப்பில் ஏதாவது மாறியதால் வந்தவை. வேலை முடிந்தபின் அக்கவுன்ட்ஸ் குழுத் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: காலையில் அந்த இரண்டு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள்? பொருந்தாத சில வரிகளை மட்டும் பார்த்துவிட்டு, நிலுவையில் கிடந்த டாக்ஸ் விவரங்களுக்குப் போய்விடுகிறார்கள் என்றார். அவுட்புட் பகுதியில் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

அடுத்தது கம்யூனிகேஷன். இதைத்தான் பலரும் "மெசேஜ் போட்டா உடனே பதில் வருதா" என்று சுருக்கிவிடுகிறார்கள். அப்படி அளந்தால் அது மறுபடி ஆன்லைன் நேரத்தை அளப்பதாகவே ஆகிவிடும், பெயர்தான் வேறு. நான் பார்ப்பது வேறொன்று. ஒரு தாமதமோ சிக்கலோ அவருக்கு எப்போது தெரியவந்தது, மற்றவர்களுக்கு அதை எப்போது சொன்னார்? இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வீட்டிலிருந்து வேலை செய்பவரோடு சேர்ந்து வேலை பார்க்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் வங்கி முன்னறிவிப்பு இல்லாமல் ஃபைல் வடிவத்தை மாற்றிவிட்டது. யூடிஆர் நம்பர் வேறு நெடுவரிசைக்குப் போய்விட்டது. அன்று காலையிலேயே குழு சேனலில் அவர் போட்ட செய்தி, என் குறிப்பில் இருப்பதுபோல:

"நாளைக்கு முடிப்பதாகச் சொன்னது வியாழக்கிழமைதான் முடியும். வங்கி ஃபைலில் யூடிஆர் நெடுவரிசை மாறியிருக்கிறது. பழைய ஃபைல், புதிய ஃபைல் இரண்டையும் படிக்கும்படி மாற்றுகிறேன். அதுவரை அக்கவுன்ட்ஸ் பழைய ஷீட்டையே பயன்படுத்தலாம், நேற்று வரையிலான கணக்கு சரியாக இருக்கிறது. இந்த மாற்றம் நிரந்தரம்தானா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கித் தாருங்கள்."

புதிய தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது. அதுவரை மற்றவர்கள் என்ன செய்யலாம் என்பதும், என்னிடமிருந்து என்ன வேண்டும் என்பதும் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டு அவர் மதியம் முழுக்க மஞ்சளில் இருந்தார். யாருக்கும் அவரைத் தேட வேண்டிய தேவை வரவில்லை.

இதே குழுவில் அலுவலகத்துக்கு வரும் இன்னொருவர் எப்போதும் பச்சையில் இருப்பார். எது கேட்டாலும் ஒரு நிமிடத்தில் "பாக்குறேன்", "ஓகே, நோட்டட்", "போயிட்டிருக்கு" என்று பதில் வரும். ஆனால் வேலை முடியாது என்பது டெட்லைன் அன்று மாலைதான் நமக்குத் தெரியும். அதற்குச் சில நாள் முன்பே அவர் மாட்டிக்கொண்டிருந்தது டிக்கெட்டில் உள்ள அவருடைய குறிப்புகளிலிருந்தே தெரிந்தது. வேகமாகப் பதில் சொல்கிறவர், ஆனால் விஷயத்தைச் சொல்லாதவர். அவருடைய படிவத்தில் இதைத் தேதிகளோடு எழுதினேன். "கம்யூனிகேஷனை மேம்படுத்தவும்" என்று பொதுவாக எழுதினால், இன்னும் வேகமாக "ஓகே" சொல்வதுதான் அதற்கு அர்த்தம் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் ஆண்டு முழுவதற்குமான குறிப்பு வேண்டும். மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரிக்கு முன்னால் நடந்தது எதுவும் ஞாபகம் வராது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இது இரட்டை நஷ்டம், ஏனென்றால் அலுவலகத்தில் இருப்பவரின் முகமாவது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் பேசும்போது, ஒரு டாக்குமென்டில் நாலைந்து வரி எழுதுவேன். அது அவருக்கும் திறந்திருக்கும். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்துவார்.

அந்தக் குறிப்பு முக்கியமாகக் கைகொடுத்தது ரேட்டிங்கைச் சமன்செய்யும் கூட்டத்தில். எல்லா மேனேஜர்களும் உட்கார்ந்து, உயர்ந்த ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று பிரிக்கும் கூட்டம் அது. அவர் பெயர் வந்ததும் வேறொரு குழுவின் மேனேஜர், "நல்ல பையன்தான், ஆனா நான் எப்பப் பாத்தாலும் அவர் மஞ்சள்லதான் இருக்காரு" என்றார். படிவத்தில் நேரத்துக்கு இடமே இல்லாத நிறுவனத்திலும் மணி நேரம் திரும்ப நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். இரண்டு பேர் சமமாக வரும்போது "எப்பவும் கிடைப்பாரு", "லேட்டா இருந்து பாப்பாரு" என்ற சொற்கள் தராசைச் சாய்த்துவிடும். "அவர் மஞ்சளில் இருந்ததால் உங்கள் குழுவில் எந்த வேலை நின்றது, ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டேன். உண்மையிலேயே ஒன்று இருந்தால் ஏற்றுக்கொள்ளும் எண்ணத்தோடுதான் கேட்டேன். அவரிடம் இல்லை. ஆகஸ்ட் செய்தியைத் திரையில் காட்டினேன். பேச்சு வேலைக்குத் திரும்பியது.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஷிப்டில் வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பவருக்கு அந்த நேரத்தில் இருப்பதே வேலையின் ஒரு பகுதி. ஒப்புக்கொண்ட ஷிப்டில் அவர் இல்லையென்றால் அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். எங்கள் டெவலப்பருக்கும் ஆன்-கால் வாரங்கள் உண்டு. அந்த வாரத்தில் அலர்ட் வந்தால் ஒப்புக்கொண்ட நேரத்துக்குள் எடுத்தாரா என்று பார்க்கிறேன், அது நியாயம்.

இன்னொரு எல்லை என்னை அதிகம் கவலைப்படுத்துவது. நேரத்தைப் பார்க்காமல் அவுட்புட்டை மட்டும் பார்த்தால், அந்த அவுட்புட்டுக்காக ஒருவர் இரவெல்லாம் விழித்திருப்பது நம் கண்ணுக்குப் படாது. வேலை அளவு தப்பாகக் கணிக்கப்பட்டிருந்தால் அந்தத் தப்பை அவர் தன் தூக்கத்தைக் கொடுத்து மூடிவிடுவார், நாம் "எக்ஸீட்ஸ்" என்று போட்டுவிட்டுப் போவோம். இதற்கு லாகின் ஷீட் பதிலில்லை. இரண்டு வாரப் பேச்சில் "போன வாரம் ராத்திரி எத்தனை நாள் உட்கார்ந்தீங்க" என்று நேராகக் கேட்கிறேன். அந்தப் பதில் ரேட்டிங்குக்குப் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வேலையின் அளவைக் குறைப்பதற்குத்தான் அது. ரேட்டிங்குக்குப் போகும் என்று ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் உண்மையான பதில் வராது.

கடைசியில் அவருக்கு அவுட்புட்டில் எதிர்பார்ப்புக்கு மேல் என்றும், கம்யூனிகேஷனில் எதிர்பார்ப்புக்கு ஏற்ப என்றும் போட்டேன். ஒரு படி குறைந்ததற்குக் காரணம் உண்டு. பழைய ஃபைல்களை ஏன் தனியாகக் கையாள வேண்டும் என்ற முடிவை அவரும் அக்கவுன்ட்ஸும் போனில் பேசி எடுத்திருந்தார்கள், எங்கும் எழுதவில்லை. டிசம்பரில் புதிதாக வந்தவர் அந்தப் பகுதியைத் தேவையற்றது என்று நினைத்து நீக்கிவிட, சோதனையில் கணக்கு பொருந்தாமல் போய், காரணம் தேடுவதிலேயே இரண்டு நாள் போனது.

ரேட்டிங் பேச்சில் இதைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டார்: "அக்டோபர்ல நீங்களும் ரிப்போர்ட் வேலையை முன்னாடி எடுக்கச் சொல்லி போன்லதானே சொன்னீங்க? அதுவும் எங்கயும் இல்லையே." கேள்வி சரியானது. அடுத்த ஆண்டுக்கான எதிர்பார்ப்பில் அவருடைய பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினோம்: போனில் எடுத்த முடிவும் அதன் காரணமும் அன்றைக்கே டிக்கெட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே, முன்னுரிமை மாறினால் எந்த வேலை பின்னுக்குப் போகிறது என்பதோடு சேர்த்து மேனேஜர் அதே டிக்கெட்டில் எழுத வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தோம். அது என் பெயரில் இருக்கிறது.