கை வைத்தால் சூடே இல்லாத பேரிங்கைக் கழற்றிய கதை

நான் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கழிவுப் பஞ்சை உறிஞ்சும் ஃபேன் ஒன்றுக்கு 30 கிலோவாட் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. புல்லிப் பக்கம் 6312 பேரிங். இந்த ஃபேன் நின்றால் பின்னாலேயே ஒரு வரிசை மெஷின்களையும் நிறுத்த வேண்டியதுதான். அதனால் சென்சார் போட முதலில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். இரண்டு முனைகளிலும் அதிர்வும் வெப்பமும் அளக்கும் சென்சார் ஒவ்வொன்று.

முதல் அலர்ட் வெப்பத்துக்கு வந்தது. ஆனால் இரண்டு முனைகளும் சேர்ந்தே ஏறியிருந்தன. பேரிங் கெட்டால் அந்த முனை மட்டும்தானே தனியாக ஏறும்? போய்ப் பார்த்தால் மோட்டாரின் பின்பக்க ஜாலியைப் பஞ்சு மெத்தை மாதிரி மூடியிருந்தது. ஏர் அடித்துச் சுத்தம் செய்ததும் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து வெப்ப அலர்ட்டை ஒரே எண்ணில் வைக்காமல், இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்துக்கும் சேர்த்து வைத்தோம். கிரீஸ் போட்டாலும் சில மணி நேரம் சூடு ஏறித்தான் இறங்கும். அதனால் கிரீஸ் போட்ட நேரத்தையும் குறித்து வைக்கிறோம்.

அதிர்வில்தான் நான் தடுமாறினேன். மெஷின் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 10816-3 அட்டவணையைப் பார்த்து, 4.5 மி.மீ./வினாடி தாண்டினால் அலர்ட் என்று வைத்திருந்தேன். ரீடிங் 1.8-லேயே நின்றது. நிம்மதியாக இருந்தேன். ஆனால் மி.மீ./வினாடி ரீடிங் என்பது பேலன்ஸ் போவது, அலைன்மென்ட் தவறுவது, போல்ட் தளர்வது போன்ற பெரிய ஆட்டங்களைக் காட்டும். பேரிங் பாதையில் விழும் சின்னக் கீறல் ஆரம்பத்தில் அதில் பெரும்பாலும் தெரியாது. உருளும் குண்டு ஒவ்வொரு முறை கீறலைத் தட்டும்போதும் ஹவுசிங் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அதிர்ந்து அடங்கும். அந்த உயர் அதிர்வை மட்டும் வடிகட்டி எடுத்து, வினாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். இதைத்தான் என்வலப் என்கிறார்கள்.

அதற்கு சென்சார் உட்காரும் இடம் சரியாக இருக்க வேண்டும். எங்கள் ஆள் பெயின்ட் மேலேயே காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். உயர் அதிர்வு பாதி அங்கேயே செத்துவிடும். பேரிங் ஹவுசிங்கில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் எபாக்சியால் ஒரு சின்ன ஸ்டீல் வில்லையை ஒட்டி, அதில் சென்சாரைத் திருகினோம். அதே மோட்டார், அதே வேகம், ஆனால் ஆக்சிலரேஷன் ரீடிங் ஏறக்குறைய இரட்டிப்பானது.

அதை வைத்துப் புதிதாக அடிப்படை அளவு எடுத்தேன். அடுத்த ஐந்து வாரத்தில் என்வலப் அளவு 0.8 ஜியிலிருந்து 3 ஜிக்கு ஏறியது. மி.மீ./வினாடி 2.1, புல்லிப் பக்கச் சூடு வழக்கமான அளவு, இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது மோட்டார் 1,200 ஆர்பிஎம், அதாவது வினாடிக்கு 20 சுற்று. 6312-இன் வெளிவளையத்தில் கீறல் இருந்தால், ஒரு சுற்றுக்குக் குண்டுகள் அதைச் சுமார் 3.07 முறை தட்டும். பெருக்கினால் 61 ஹெர்ட்ஸ். என்வலப்பில் கோடு அங்கேதான் நின்றது, அதன் மடங்குகளிலும். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன், கோடும் கூடவே நகர்ந்தது. மெயின் லைனின் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் சத்தமாக இருந்தால் இப்படிப் பின்தொடராது.

ஃபிட்டர் நம்பவில்லை. "சார், கை வெச்சா சூடே இல்ல, இதப் போயி கழட்டணுமா?" என்றார். ஸ்க்ரூ டிரைவரை ஹவுசிங்கில் ஊன்றிக் காதில் வைத்துப் பார்த்தவர், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம், "லேசா கிர்ருங்குது" என்றார்.

வார விடுமுறையில் கழற்றினோம். கிரீஸ் கறுத்திருந்தது. வெளிவளையத்தை அறுத்துத் துடைத்தபோது, துணி துவைக்கும் பலகை மாதிரி குறுக்காக, ஒரே இடைவெளியில் சாம்பல் நிறக் கோடுகள். நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. பெல்ட் இழுவையால் வரும் தேய்மானம் இப்படி இருக்காது. இது இன்வெர்ட்டரால் ஷாஃப்டில் ஏறும் மின்னழுத்தம் கிரீஸ் படலத்தைத் துளைத்துப் பேரிங் வழியாகப் பாய்ந்த தடம். வெறும் பேரிங்கை மாற்றிவிட்டு மூடியிருந்தால், புதியதும் இதே வழியில் போயிருக்கும். அதனால் ஷாஃப்டுக்கு எர்த்திங் ரிங் போட்டு, மோட்டார் கேபிளையும் ஷீல்டு கேபிளாக மாற்றினோம்.

புதிய பேரிங் 0.6 ஜியில் ஓடுகிறது. அலர்ட்டை இப்போது அட்டவணையிலிருந்து எடுப்பதில்லை. அந்தந்த மோட்டாரின் அடிப்படை அளவைப் போல இரண்டு மடங்கு வந்தால் எச்சரிக்கை, நான்கு மடங்கானால் கழற்றும் தேதி குறிப்பது. வேகம் மாறும் மோட்டார் என்பதால், ஒரே வேகத்தில் எடுத்த ரீடிங்கை மட்டும்தான் ஒப்பிடுகிறேன். இன்வெர்ட்டரில் ஓடும் மற்ற மோட்டார்களையும் இதே மாதிரி அளந்தேன். இரண்டில் வெளிவளையத் தட்டின் கோடு மெல்லத் தலைகாட்டுகிறது. அவற்றுக்குப் பேரிங்கும் எர்த்திங் ரிங்கும் வாங்கி வைத்தாயிற்று, தீபாவளி லீவில் கழற்றப் போகிறோம்.