ஓரத்தில் எழுதிய குறிப்பு

"எந்தச் சமூகம்? பெயரைக் குறிப்பிடவும்." கட்டுரையின் மூன்றாம் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் அதை எழுதியது நான்தான். வெளிவாரிப் பட்ட வகுப்பு, சமூக அடுக்கமைவுப் பாடம். தொழில் அசைவை, அதாவது தலைமுறைக்குத் தலைமுறை தொழில் மாறுவதை, விளக்கச் சாதி பொருத்தமா, வர்க்கம் பொருத்தமா என்பது கேள்வி. நம் பிள்ளைகள் வழக்கமாகப் பாடக்குறிப்பைத் திருப்பி எழுதுவார்கள். அந்த மாணவி மட்டும் மலையகத்தில் தன் தேயிலைத் தோட்டத்தில் இருந்த இரண்டு குடும்பங்களை எடுத்து எழுதியிருந்தாள்.

முதல் குடும்பத்தில் தாத்தா ஒரு சிறு குழுவை மேற்பார்த்த சில்லறைக் கங்காணி, அப்பா கணக்கப்பிள்ளை, மகன் ஆசிரியர். இரண்டாவது குடும்பத்தில் தாத்தா தோட்டத்துக் கழிவை அகற்றிய வாசல்கூட்டி, அப்பா நகரசபையில் சுத்திகரிப்புத் தொழிலாளி, மகன் அதே நகரசபையில் குப்பை டிராக்டர் ஓட்டுகிறான்.

வர்க்க அட்டவணையில் போட்டால் இரண்டும் ஏற்றம்தான். இரண்டாவது குடும்பத்தில் நாட்சம்பளக்காரரின் மகனுக்கு மாதச் சம்பளம், நிரந்தர வேலை, ஓய்வூதியம். அவருடைய மகன் சாரதி, அதாவது தேர்ச்சி பெற்ற தொழிலாளி. தலைமுறைக்கு ஒரு படி. கொழுந்தெடுக்கும் பக்கத்து வீட்டாருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டே தவிர ஓய்வூதியம் கிடையாது. அவர்களைவிட இந்தக் குடும்பம் மேலே போய்விட்டது என்றே அட்டவணை சொல்லும், அது பொய்யும் இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாகக் கை படுவது ஒரே பொருளில். "சம்பளம் மாறியது, கழிவு மாறவில்லை" என்று அவள் எழுதியிருந்தாள். அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டுத்தான் நான் பெயர் கேட்டேன்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள்.

"பெயர எழுதினா எங்க வீடு எதுன்னு தெரிஞ்சிடும் சேர்."

"பெயர் இல்லாம சாதிங்கிற விளக்கம் நிக்காதே. ஆதாரம் என்னன்னு கேப்பாங்க."

"ஒன்னு சொல்லலாம் சேர். போன முறை நகரசபையில ஆள் எடுத்தாங்க. நிரந்தர வேலை. எங்க மேல் லயத்துல வேலை இல்லாத பையன்கள் எத்தனையோ பேர். ஒருத்தன்கூட அப்ளிகேஷன் போடல."

நான் சொன்னது இது: "சரி, அப்போ வர்க்கத்த மட்டும் வச்சு எழுதிக் குடுங்க. பாதுகாப்பா இருக்கும்."

அவளும் எழுதிக் கொடுத்தாள். நல்ல புள்ளி போட்டேன். இரண்டாவது குடும்பம் அதில் இல்லை.

பரீட்சை நோக்கில் நான் சொன்னது தவறில்லை என்று இன்றும் வாதாட முடியும். நம் குடிசன மதிப்பீடு இனத்தைக் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. 2012 கணக்கில் இந்தியத் தமிழர் 8,39,504 பேர் என்று இருக்கும், அதற்குள் பிரிவு கிடையாது. எனவே எவரும் தொழில் அசைவு அட்டவணை போட்டால் அது வர்க்க அட்டவணையாகத்தான் வரும். தோட்டத்தில் சாதியை வைத்து எல்லாவற்றையும் விளக்கவும் முடியாது. உயர்சாதியாகக் கருதப்படும் குடியானவர் வீட்டுப் பெண்ணும் மற்ற வீட்டுப் பெண்ணும் ஒரே மலையில், ஒரே கூலிக்கு, ஒரே தராசில் கொழுந்து நிறுக்கிறார்கள். கிராமத்தில் சாதிக்கொரு தொழில் என்று இருந்ததைத் தோட்டம் பெரும்பான்மையோருக்கு அழித்துவிட்டது. இதைத்தான் வருடா வருடம் வகுப்பில் சொல்லிவருகிறேன்.

ஆனால் அழியாமல் நின்ற இடங்கள் இரண்டு. ஒன்று உச்சி, மற்றது அடி. பெரிய கங்காணி தன் ஊரில், தன் உறவிலும் சாதியிலும் தொடங்கி ஆள் திரட்டினார். முற்பணம் கொடுத்துக் கடனில் கட்டினார், ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கினார். தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவரைத் தோட்டம் மாற்றும் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தபோது அந்தப் பணம் பல குடும்பங்களில் டவுன் கடையாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் உயர்வைச் சாதி என்பதா, மூலதனம் என்பதா? பணம் இருந்ததால் உயர்ந்தார்கள் என்றால் வர்க்கம். அந்தக் கங்காணி வேலையே யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால் சாதி. உச்சியில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

அடியில் அப்படி இல்லை. அங்கே பிரித்துப் பார்க்க வழி உண்டு, அதைத்தான் அவள் சொன்னாள். வேலை யாருக்குக் கிடைத்தது என்பதை விட்டுவிட்டு, யார் வேண்டாம் என்றார்கள் என்று பார்க்க வேண்டும். கூலியும் பாதுகாப்பும் கூடிய ஒரு வேலையை, அது தேவைப்படுகிறவனே தொடாமல் விட்டால், வர்க்கத்தால் அதை விளக்க முடியாது. வர்க்கம், அந்தஸ்து என்று மாக்ஸ் வெபர் பிரித்தது இந்த மாதிரி இடத்துக்குத்தான். சாதியை அவர் அந்தஸ்துக் குழுவின் மிக இறுகிய வடிவமாகக் கண்டார். இத்தனை வருடமாக அதை வரையறையாக மட்டுமே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது. நகரசபையில் ஆள் எடுக்கப்போவது அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் சொந்தக்காரருக்குத்தான் முதலில் காதில் விழும். மேல் லயத்துப் பையன்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். இதை அவளிடம் கேட்டிருந்தால் கட்டுரை இன்னும் பலமாகியிருக்கும். நான் அதைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே பாடத்தில் பலகையில் நான் போடும் கணக்கு ஒன்று உண்டு, விளக்கத்துக்காகக் கற்பித்த எண்கள். முன்பு கங்காணி வழிக் குடும்பங்களில் 100 பேருக்கு 20 பேர் உத்தியோகம் பார்த்தார்கள், அடிநிலைக் குடும்பங்களில் 100க்கு 4 பேர். தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்று, ஆசிரியர் நியமனங்கள் வந்த பிறகு 20 என்பது 50 ஆனது, 4 என்பது 14 ஆனது என்று வைத்துக்கொள்வோம். அடியில் மூன்று மடங்குக்கு மேல் ஏற்றம். ஆனால் உத்தியோகம் கிடைத்தவரைக் கிடைக்காதவரால் வகுத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால், முன்பு 6 மடங்கு, இப்போதும் ஏறக்குறைய 6 மடங்கு. கதவு அகலமானது, வரிசை மாறவில்லை. இதை உணர்ச்சியோடு விளக்குவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அந்த வரிசையில் நான் எங்கே நின்றேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

என் அப்பா கணக்கப்பிள்ளை. தாத்தா சில்லறைக் கங்காணி. நானும் ஆசிரியர் நியமனத்தில்தான் உள்ளே வந்தேன். அவளுடைய முதல் குடும்பத்தைப் படித்தபோது என் வீட்டையே படிப்பதுபோல் இருந்தது. வர்க்கத்தை வைத்துப் பார்த்தால் என் கதை படித்து முன்னேறியவன் கதை. அவள் பார்வையில் பார்த்தால் அது பாதிக் கதை. பாதுகாப்பு என்று நான் சொன்னது யாருடைய பாதுகாப்பு? அவளுக்காகத்தான் என்று நினைத்தேன். பயந்து வந்து நின்றவள் அவள்தான், பெயர் வெளியே போனால் ஒவ்வொரு கலியாணத்திலும் கருமாதியிலும் சுமக்கப்போவதும் அவள்தான். அது உண்மை. ஆனாலும்.

பெயர் இல்லாமலே செய்ய வழி இருந்தது. குடும்பம் அ, குடும்பம் ஆ என்று போட்டு, தோட்டத்தை மறைத்து, அட்டவணையில் கூடுதலாக ஒரு நிரல் சேர்த்திருக்கலாம்: இந்த வேலையில் கை படுவது என்ன, இதற்கு வேறு யார் விண்ணப்பித்தார்கள். இரண்டு தகவல்கள் போதும், சாதிப் பெயர் வேண்டாம். ஆனால் சின்னத் தோட்டத்தில் வாசல்கூட்டி வீடு என்றாலே ஊருக்குத் தெரியும் என்று அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ.

இரண்டாவது பிரதியைக் கொடுக்க வந்த அன்று, கதவுவரை போனவள் திரும்பிக் கேட்டாள்.

"சேரோட அப்பா என்ன வேலை செஞ்சாரு?"

"தோட்டத்துலதான்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.