சேஃப் ஸ்க்ரம் மாஸ்டர் தேர்வு: சிவப்பு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பல டீம்கள் சேர்ந்து மென்பொருள் செய்வதற்கான சேஃப் முறையின் ஸ்க்ரம் மாஸ்டர் தேர்வில் சென்ற வாரம் தேறிவிட்டேன். இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது. 45 கேள்வி, 90 நிமிடம், புத்தகம் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது ஒரே விஷயத்துக்காக: பி.ஐ. பிளானிங்கில், அதாவது எல்லா டீமும் கூடி அடுத்த இரண்டு மூன்று மாத வேலையைத் திட்டமிடும் கூட்டத்தில், எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் அந்த ஒரு போர்டு. பாடத்தின் மற்ற பகுதிகளை மனப்பாடம் செய்தும் சமாளிக்கலாம். போர்டை அப்படிச் சமாளிக்க முடியாது. ஒரு நிலைமையைச் சொல்லி, "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், போர்டை மனத்தில் வரையத் தெரிந்தவருக்குத்தான் பதில் வரும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நண்பர்கள் கைமாற்றிக் கொடுக்கும் மாதிரித் தாள்களில் பாதி பழையவை. 'புரோகிராம் போர்டு' என்று இருப்பதுதான் 2023இல் வந்த 6.0 பதிப்பில் 'ஏ.ஆர்.டி. பிளானிங் போர்டு' ஆகியிருக்கிறது. 'ஸ்ட்ரெச் அப்ஜெக்டிவ்' என்பது அதற்கு முன்பே 'அன்கமிட்டட்' ஆகிவிட்டது. பழைய தாளில் படித்துவிட்டுப் போனால், தெரிந்த கேள்வியே தெரியாததுபோல் தோன்றும்.

சரி, போர்டுக்கு வருகிறேன். இடமிருந்து வலமாக இடரேஷன்கள் எனும் இரண்டு வாரச் சுற்றுகள், மேலிருந்து கீழாக டீம்கள். நீல அட்டை ஃபீச்சர். அது வேலை தொடங்கும் கட்டத்தில் அல்ல, முடித்துக் கொடுக்கும் கட்டத்தில் உட்காரும். சிவப்பு அட்டை டிபென்டன்சி, அந்த ஃபீச்சருக்காக இன்னொரு டீம் முடித்துத் தர வேண்டிய வேலை. இரண்டையும் இணைப்பது சிவப்பு நூல். மைல்கல்லுக்கு ஆரஞ்சு. இவ்வளவுதான் போர்டு. நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் அலுவலகம் சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில். டீம்களில் பாதிப்பேர் இங்கே, மீதிப்பேர் சென்னையில். போன காலாண்டுத் திட்டமிடலில் நடந்ததையே சொல்கிறேன், எனக்குத் தேர்வில் கைகொடுத்தது அதுதான். பேமென்ட் டீம் 'ரீஃபண்ட்' ஃபீச்சரை மூன்றாம் இடரேஷனில் தருவதாக நீல அட்டை ஒட்டியது. அதற்கு வாடிக்கையாளர் சரிபார்ப்பு ஏபிஐ வேண்டும். ஐடென்டிட்டி டீம் இரண்டாம் இடரேஷனில் தருவதாகச் சொல்லித் தங்கள் வரிசையில் சிவப்பு அட்டை வைத்தது. இந்த நூல் இடமிருந்து வலமாகச் சாய்கிறது, நல்லது. ஆனால் அந்த ஏபிஐயைச் சோதித்துப் பார்க்க பிளாட்ஃபார்ம் டீமின் புதிய டெஸ்ட் சூழல் வேண்டும். அவர்களும் இரண்டாம் இடரேஷனிலேயே அட்டையை வைத்தார்கள். நூல் செங்குத்தாக நின்றது.

பிளாட்ஃபார்ம் டீம் தம்பி, "அண்ணே, அதே இடரேஷனுக்குள்ள கொடுத்துடுறோம்ல, அப்புறம் என்ன?" என்றார்.

"எந்தக் கிழமை கொடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை."

இடரேஷன் முடிவதே அந்த வெள்ளிக்கிழமைதான். ஐடென்டிட்டி டீமுக்குச் சோதிக்க ஒரு நாள்கூட இல்லை. அவர்கள் மூன்றாம் இடரேஷனுக்குப் போனால், பேமென்ட் டீமோடு அவர்களும் ஒரே கட்டத்தில் நிற்பார்கள். ஒரு செங்குத்து நூல் இப்படித்தான் அடுத்த நூலையும் செங்குத்தாக்கும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று டீமின் திட்டமும் சரி. சேர்த்துப் பார்த்தால்தான் ரீஃபண்ட் மூன்றில் வராது என்பது தெரிகிறது. இப்படிக் கண்ணால் பார்ப்பதற்காகத்தான் எல்லாரும் ஒரே போர்டில் ஒட்டுகிறோம்.

இனி இதை யார் சரிசெய்வது? எல்லா டீமுக்கும் பொதுவான ஒருங்கிணைப்பாளரான ஆர்.டி.இ. அட்டையை நகர்த்துவார் என்று ஒரு விடை இருந்தால் அதைத் தொடாதீர்கள். அவர் ஆட்களைச் சேர்த்துவைப்பார், பேச்சு நடக்க வழிசெய்வார். பேசி முடிவெடுப்பது அந்தந்த டீம்கள். எங்கள் மூன்று டீமும் உட்கார்ந்து பேசியதில், பிளாட்ஃபார்ம் டீம் தங்கள் முதல் இடரேஷனிலிருந்து ஒரு சிறு வேலையைத் தள்ளிவைத்து, டெஸ்ட் சூழலை அங்கே கொண்டுவந்தது. எதைத் தள்ளலாம் என்பதில் அவர்களுடைய பிராடக்ட் ஓனரும் சம்மதித்தார். இரண்டு நூலும் சாய்ந்துவிட்டன. அது முடியாமல் போயிருந்தால் ரீஃபண்டை நான்காவதுக்கு நகர்த்தியிருப்போம்.

நூலைப் பார்த்ததும் இவை தோன்ற வேண்டும்:

- சாய்ந்து முன்னோக்கிப் போகிறது: சரி.
- செங்குத்து: எந்த நாளில் தருவீர்கள் என்று கேட்க வேண்டும்.
- பின்னோக்கிப் போகிறது: திட்டம் இன்னும் முடியவில்லை.
- ஒரே டீமின் வரிசையில் சிவப்பு குவிகிறது: அந்த டீமின் கெப்பாசிட்டியை முதலில் பாருங்கள்.

கெப்பாசிட்டி என்றதும் ஒரு கணக்கு. புதிய டீமுக்கு, ஒரு முழுநேர டெவலப்பர் அல்லது டெஸ்டருக்கு இரண்டு வார இடரேஷனில் 8 புள்ளி. ஒவ்வொரு விடுமுறை நாளுக்கும் ஒன்று கழிக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் 40. சீனப் புத்தாண்டு வரும் இடரேஷனில் இரண்டு நாள் விடுமுறை, ஆளுக்கு 2 வீதம் 10 போனால் 30. ஆனால் ஐந்து பேரில் இரண்டு பேர் சென்னையில் இருந்தால் அவர்களுக்கு அந்த விடுமுறை இல்லை, 34 வரும். அவர்களுக்குப் பொங்கலுக்குத் தனியாகக் கழிக்க வேண்டும். டீமுக்கு மொத்தமாகக் கழிக்காமல் ஆள் ஆளாகக் கழியுங்கள். கடைசியில் வரும், புதுமைக்கும் திட்டமிடலுக்குமான ஐ.பி. இடரேஷனில் ஃபீச்சர் வேலை எதையும் நிரப்பாதீர்கள், தாமதம் வந்தால் தாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்க வேண்டும்.

அடுத்தது கமிட்மென்ட். ஒவ்வொரு டீமும் அந்த பி.ஐ.க்குத் தன் இலக்குகளை, அதாவது அப்ஜெக்டிவ்களை, எழுதும்; வாக்குக் கொடுத்தவை கமிட்டட், கொடுக்காதவை அன்கமிட்டட். அன்கமிட்டட் அப்ஜெக்டிவ் என்றால் 'நேரம் மிஞ்சினால் செய்யும் வேலை' என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. அதுவும் திட்டத்தில் இருக்கும், அதற்கும் கெப்பாசிட்டி ஒதுக்கியிருக்கும். வெளியிலிருந்து ஒரு டிபென்டன்சி வருமா என்று உறுதியில்லாதபோது, வாக்குக் கொடுக்காமல் வைக்கிறோம், அவ்வளவுதான். மதிப்புக் கணக்கில் இது தெளிவாகத் தெரியும். கமிட்டட் இலக்கு மூன்றுக்கும் பிசினஸ் ஓனர்கள் தந்த மதிப்பு 8, 10, 6 என்றால் திட்டமிட்ட மதிப்பு 24. அன்கமிட்டடுக்கு 5 தந்திருந்தாலும் இதில் சேராது. பி.ஐ. முடிவில் கிடைத்தது 8, 7, 4, அன்கமிட்டடும் முடிந்ததால் இன்னொரு 5. மொத்தம் 24, அதாவது 100 விழுக்காடு. திட்டத்தில் எண்ணாததை முடிவில் எண்ணுவதால் 100ஐத் தாண்டவும் முடியும். விடைகளில் 100க்கு மேல் ஓர் எண்ணைப் பார்த்ததும் தவறென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ரிஸ்க்குகளைத் தீர்ந்தது, ஒருவர் பொறுப்பேற்றது, ஏற்றுக்கொண்டது, தணித்தது என்று ரோம் முறையில் நான்காகப் பிரிப்பது எளிது, வேகமாகப் பார்த்துவிட்டு நகரலாம். வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள்: ரிஸ்க் முதலில், அதன் பிறகுதான் திட்டத்தில் எவ்வளவு நம்பிக்கை என்று ஒன்று முதல் ஐந்து விரல் வரை காட்டும் விரல் வாக்கெடுப்பு.

அந்த வாக்கெடுப்பில் சராசரி மூன்று விரலோ அதற்கு மேலோ இருந்தால் திட்டம் ஏற்கப்படும். ஆனால் இரண்டோ ஒன்றோ காட்டியவர் இருந்தால், சராசரி எவ்வளவு இருந்தாலும் அவர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும். எங்கள் அறையில் இரண்டு விரல் காட்டியவர் ஐடென்டிட்டி டீமின் டெஸ்டர் அக்கா. டெஸ்ட் சூழல் வந்தாலும் அதில் சோதனைத் தரவு இருக்குமா என்று கேட்டார். போர்டில் அதற்கு அட்டையே இல்லை. அங்கேயே ஒரு சிவப்பு அட்டை எழுதி, பிளாட்ஃபார்ம் வரிசையில் முதல் இடரேஷனில் ஒட்டிவிட்டு மறுபடி வாக்கெடுத்தோம்.