டொமைன் காசு கேட்டு அண்ணாச்சிக்கு எழுதிய கடிதம்

எங்கள் இளைஞர் மன்றத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்பதும், வெப்சைட்டின் பெயரான டொமைனுக்கும், அது இருக்கும் இடமான ஹோஸ்டிங்குக்கும் முதல் வருடம் ஆகும் செலவை டவுனில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சியிடம் கேட்கலாம் என்பதும் ஒரே கூட்டத்தில் முடிவானது. கேட்டுக் கடிதம் கொடுத்து, காசு வந்து, டொமைன் எங்கள் பெயரில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அண்ணாச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படுத்தியதெல்லாம் அவர் கடைக் கணக்கப்பிள்ளை. இப்போது யோசித்தால், அவர் கேட்ட கேள்விகளில் பாதி நியாயமானவைதான். கேட்ட விதம்தான் இன்னும் எரிகிறது.

முதல் கடிதத்தைத் தலைவர் எழுதினார். ஊரின் பெருமை, இளைஞர் சக்தி, கபடிப் போட்டி என்று ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில் ‘தங்களால் இயன்ற நிதியுதவி’. கடைக்குப் போகுமுன் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். டைப் அடித்துக் கொடுத்த டிடிபி கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டார். கணக்கப்பிள்ளையின் போனில் ‘அன்புடையீர்’ என்பது md;GilaPh; என்று தெரிந்திருக்கிறது. “வைரஸ்னு நெனச்சு அழிச்சுட்டேன்” என்றார். டிடிபி கடையில் கொடுப்பவர்கள் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிடிஎஃப் ஆக வாங்கிவிடுங்கள்.

சரி என்று அச்செடுத்து நேரில் கொண்டு போனோம். கடைசி வரியை மட்டும் படித்தார். “இயன்றதுன்னா என்ன தம்பி, நூறா, லட்சமா?” தலைவர் போனில் பார்த்திருந்த விளம்பரத்தை நினைத்து, “மாசம் 79 ரூபாய்தான், டொமைனும் சேர்த்து வருசத்துக்கு 1,500 ஆகும்” என்று சொல்லிவிட்டார். அங்கேதான் வினை. அந்த 79 ரூபாய், நான்கு வருடத்துக்கு மொத்தமாக முன்கூட்டியே கட்டினால்தான். ஒரு வருடம் என்று தேர்ந்தெடுத்தால் மாதம் 179. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இந்தத் தொகை விளம்பரத்தில் இருக்காது, பணம் கட்டும் பக்கம் வரை போனால்தான் தெரியும். கணக்கப்பிள்ளை அங்கேயே தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, “இரட்டிப்பா வருதே, மிச்சம் யாருக்கு?” என்றார். கூட வந்த பையன்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் அடுத்த கடிதத்தை நானே எழுதினேன். முதலில் பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசித் தொகை தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். .in டொமைன் ஒரு வருடம் 499, ஹோஸ்டிங் பன்னிரண்டு மாதம் 2,148, வரி 476. ஆக 3,123 ரூபாய். அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் புதுப்பிக்கும் விலையும் இருந்தது. டொமைன் 849, ஹோஸ்டிங் மாதம் 349. வரியோடு 5,944 ரூபாய். இதையும், இதை மன்றமே கட்டும் என்பதையும் கடிதத்தில் போட வேண்டும் என்று நான் சொன்னபோது தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. “முதல் வருசம்தானே கேக்கோம், அத ஏன் சொல்லணும்?” என்றார். நான் பிடிவாதமாகப் போட்டேன்.

அப்படிப் போட்டதுதான் எங்களைக் காப்பாற்றியது. இந்த முறை அண்ணாச்சியே இருந்தார். கடிதத்தைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வி: “அடுத்த வருசம் யாருப்பா கட்டுவா?” அவருக்குத் தெரிந்த ஒரு கல்யாண மண்டபத்தின் வெப்சைட்டைப் புதுப்பிக்காமல் விட, யாரோ அந்தப் பெயரை வாங்கி ரம்மி விளம்பரம் போட்டுவிட்டார்களாம். “என் கடை பேரு இருக்குற எடத்துல நாளைக்கு சீட்டாட்டம் ஓடுனா?” என்றார். மூவாயிரம் அவருக்குப் பெரிய காசு இல்லை, கோயில் கொடைக்கு இதைவிட அதிகம் கொடுப்பவர். பயம் வேறு இடத்தில் இருந்திருக்கிறது. அதற்கான பதில் எங்கள் கடிதத்திலேயே இருந்ததால் விரலை வைத்துக் காட்டினேன்.

பெங்களூரில் இருக்கும் அவர் மருமகன் போனில் ஒரு கேள்வி கேட்டார்: ஹோஸ்டிங் இலவசமாகவே கிடைக்குமே, எதற்குக் காசு? உண்மைதான். மாறாத பக்கங்கள் மட்டும் என்றால் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக வைக்கலாம், டொமைன் காசு மட்டும் போதும். ஆனால் எங்கள் பையன்கள் போனிலிருந்தே போட்டி முடிவையும் படத்தையும் ஏற்ற வேண்டும். அதற்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள்தான் தோது, அது கிட்ஹப் பேஜஸில் ஓடாது என்றேன். ஒத்துக்கொண்டார். உங்களுக்குச் செய்தி அடிக்கடி மாறாது என்றால் அவர் சொன்ன வழியில் போங்கள்.

அப்புறம் மறுபடியும் கணக்கப்பிள்ளை. நன்கொடை என்றால் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது வேண்டும் என்றார். எங்கள் மன்றம் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானது, பேங்க் கணக்கும் இருக்கிறது. ஆனால் 80ஜிக்கு வருமான வரித்துறையில் தனியாகப் பதிய வேண்டும், அது எங்களிடம் இல்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து, “நன்கொடைன்னு எழுதாதீங்க, விளம்பரம்னு எழுதுங்க, கடை பேர்ல பில்லு வாங்கிக் குடுங்க” என்றார். இதை உள்ளேயே சொல்லியிருக்கலாம்.

கடைசியில் ஒரு பக்கத்துக்குள் முடிந்த கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

“மன்றத்தின் இணையதளத்துக்கு முதல் ஆண்டு டொமைன், ஹோஸ்டிங் கட்டணம் வரி உட்பட ரூ. 3,123 (விலை விவரம் இணைப்பில்). இத்தொகையைத் தங்கள் நிறுவனம் விளம்பர ஆதரவாக ஏற்க வேண்டுகிறோம். பில் தங்கள் நிறுவனப் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் பெற்றுத் தரப்படும். டொமைன் மன்றத்தின் பெயரில் பதிவாகும். முகப்புப் பக்கத்தின் அடியில் ஓராண்டுக்குத் தங்கள் கடையின் பெயர் இடம்பெறும். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் ரூ. 5,944ஐக் கபடிப் போட்டி நுழைவுக் கட்டணத்திலிருந்து மன்றமே செலுத்தும். இதற்கான தீர்மான நகல் இணைக்கப்பட்டுள்ளது. தளத்தை மூட நேர்ந்தால் தங்கள் பெயரை முன்கூட்டியே நீக்கிவிடுவோம்.”

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். ஆனால் காசாகத் தரவில்லை, கடை கார்டிலேயே கட்டச் சொன்னார். இங்கேதான் பெரிய பள்ளம். கணக்கப்பிள்ளை தன் ஈமெயிலில் கணக்குத் திறந்து, பெயர், முகவரி எல்லாம் கடையுடையதாகவே நிரப்பிக்கொண்டிருந்தார். அப்படியே கட்டியிருந்தால் டொமைன் கடையுடையது. நாளைக்கு அவர் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டும் அவரோடு போகும். நிறுத்தச் சொல்லி, மன்றத்துக்கென்று தொடங்கிய ஈமெயிலில் கணக்குத் திறந்தோம். பில் விவரத்தில் கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும், டொமைன் உரிமையாளர் விவரத்தில் மன்றத்தின் பெயரும் போட்டோம். இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். பல தளங்களில் முதலில் நிரப்பியதே இரண்டாவதற்கும் தானாக வந்து உட்கார்ந்துவிடும், மாற்ற வேண்டும். கட்டிய பிறகு யாருடைய வார்த்தையையும் நம்பாமல் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸ் தேடலில் போட்டுப் பாருங்கள். Registrant Organization என்ற இடத்தில் மன்றத்தின் பெயர் வர வேண்டும். எங்களுக்கு வந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. கார்டில் கட்டும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு ஏற்கெனவே டிக் போட்டிருந்தார்கள். விட்டிருந்தால் அடுத்த வருடம் 5,944 ரூபாயை அண்ணாச்சி கார்டில் கேட்டிருக்கும், கணக்கப்பிள்ளை எங்களை ஊருக்குள் விட்டிருக்க மாட்டார். அதை எடுத்துவிட்டு, காலாவதித் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்பே கட்டுவது பொருளாளர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.