இரண்டு மூக்கு, இரண்டு பின்

பெட்ரோல் போட்ட கையோடு வண்டியைக் கிளப்பினால் நாலைந்து தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. மற்ற நேரத்தில் ஒரு குறையும் இல்லை. த்ராட்டில் பாடியில் அழுக்குச் சேர்ந்திருக்கும் என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கழற்ற உட்கார்ந்தேன். குறுக்கே நின்ற ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பாகத்தையும் கழற்றி மேசையில் வைத்தேன். அது என்னவென்றே தெரியவில்லை.

அதன் மேல் தெளிவாக இருந்த எழுத்து `>PA66-GF30<` மட்டும்தான். அதைத் தேடினால் பிளாஸ்டிக் குருணை மூட்டை விற்பவர்கள்தான் வந்தார்கள். மெக்கானிக் வேலை பார்க்கும் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். சிரித்துவிட்டார். "அது பிளாஸ்டிக்கோட பேரு மாப்ள. நைலான்ல 30 சதவீதம் கண்ணாடி இழை. பக்கத்துல கடிகாரம் மாதிரி இருக்கிறது அச்சு வார்த்த மாசம். ரெண்டும் பார்ட் நம்பர் இல்லை." பார்ட் நம்பர் இருந்த ஸ்டிக்கர் சூட்டில் வெளுத்துப் போயிருந்தது.

"மேப் சென்சாரோ?" என்றேன். கனெக்டரில் பின் எத்தனை, ஹோஸ் மாட்டும் மூக்கு எத்தனை என்று எண்ணச் சொன்னார். இரண்டும் இரண்டு. மேப் சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பின் இருக்கும். காற்றழுத்தம் பார்க்க ஒரே துளைதான். இரண்டே பின் என்றால் உள்ளே கம்பிச் சுருள் இருக்கலாம். ஹோஸ் மாட்டும் மூக்கு இரண்டு என்றால் ஏதோ ஒன்று இதன் வழியாகப் போகிறது. ஆக, இது கரண்டில் திறந்து மூடும் சொலினாய்ட் வால்வு.

எந்த வால்வு என்பதை மேசையில் எடுத்த படம் சொல்லாது. கழற்றிய இடத்தைப் படம் எடுக்கச் சொன்னார். ஒரு ஹோஸ் த்ராட்டிலுக்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போனது. இன்னொன்று பெட்ரோல் லைனை ஒட்டியே வண்டிக்கு அடியில் பின்பக்கம் ஓடியது. அதன் முனையில் பெட்ரோல் வாசனை. அதோடு முடிந்தது: பர்ஜ் வால்வு. டேங்கில் எழும் ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்துவைக்கும். இந்த வால்வு அதை அளவாக இன்ஜினுக்கு விடும்.

கரண்ட் இல்லாதபோது இது மூடியிருக்க வேண்டும். கேனிஸ்டர் பக்க மூக்கில் சுத்தமான ஹோஸ் துண்டை மாட்டி ஊதினேன். (உறிஞ்சக் கூடாது, உள்ளே பெட்ரோல் ஆவி.) காற்று தாராளமாகப் போனது. வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது. டேங்க் நிரப்பியதும் ஆவி நேராக இன்ஜினுக்குள் போய் பெட்ரோல் கலவை மிஞ்சியதால்தான் ஸ்டார்ட் ஆக அத்தனை அடம்.

கடைக்காரரிடம் படத்தைக் காட்டினால், "சேசிஸ் நம்பர் சொல்லுங்க" என்றார். அதே உருவத்தில் இரண்டு எடுத்து வைத்தார்; கனெக்டரின் காடி மட்டும் வேறு. நல்லவேளை, பழையதைக் கையோடு கொண்டு போயிருந்தேன்.

அப்புறம் இரண்டு முறை பெட்ரோல் போட்டாயிற்று, முதல் செல்ஃபிலேயே கிளம்புகிறது. த்ராட்டில் பாடியில் அழுக்கே இல்லை.