இந்தியில் காதலைச் சொல்லும்போது ‘கர்தா’வா, ‘கர்தீ’யா?

தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா தேர்வுகளை வரிசையாக எழுதியவள் நான். சில ஆண்டுகளாக அதே தேர்வுகளுக்கு வீட்டில் வகுப்பும் எடுக்கிறேன். பாலை மாற்றி எழுதச் சொல்லும் கேள்வியில் ‘மைன் ரோட்டீ காதா ஹூன்’ என்பதை ‘காதீ ஹூன்’ என்று மாற்ற எல்லோருக்கும் வருகிறது. சாப்பாட்டில் தவறாத அதே மாணவர்கள், காதல் வாக்கியங்களைத் தொட்டதும் தடுமாறுகிறார்கள். இந்தி இலக்கணத்தில் வினை எதற்கு இசைகிறது என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பதால், பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் நான் இவற்றை வைத்துத்தான் சொல்லித் தருகிறேன். (மைன், ஹூன், ஹைன் ஆகியவற்றின் இறுதியில் நான் எழுதும் ‘ன்’ முழு ஒலி அல்ல, மூக்கொலி மட்டுமே.)

குழப்பத்தின் வேர் தமிழிலேயே இருக்கிறது. ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினை காட்டாது. ‘நீ என்னைக் காதலிக்கிறாயா’ என்பதிலும் அப்படியே. படர்க்கைக்குப் போனால்தான் காதலிக்கிறான், காதலிக்கிறாள் என்று பால் தெரியும். இந்தியில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றிலும் வினை பாலைக் காட்டும். ஆனால் யாருடைய பாலை என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும்.

பலர் மனத்தில் ஒரு தவறான சூத்திரம் பதிந்திருக்கிறது. பெண்ணிடம் சொல்ல ‘கர்தா’, ஆணிடம் சொல்ல ‘கர்தீ’ என்பது அது. ஆண் பெண்ணிடம் பேசும் எடுத்துக்காட்டுகளையே பார்த்துப் பழகியதால் வந்த வினை இது. ‘மைன் தும்ஸே ப்யார் கர்தா ஹூன்’ என்பதைச் சொல்பவர் ஆண் என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். அவர் மனைவியிடம் சொல்கிறாரா, மகனிடமா, இன்னோர் ஆணிடமா என்பது வினையில் பதியாது. அம்மா மகளிடம் சொன்னாலும், பெண் காதலனிடம் சொன்னாலும் ‘கர்தீ ஹூன்’ தான்.

நான் சொல்லித் தரும் விதி ஒன்றே ஒன்று: வாக்கியத்தில் உருபு ஏறாமல் நிற்கும் பெயர் எது என்று பாருங்கள், வினை அதன் பின்னால்தான் போகும். நே, கோ, ஸே ஆகியவை சேர்ந்த சொல்லை வினை திரும்பிப் பார்க்காது. முஜே, தும்ஹேன் ஆகியவற்றில் ‘கோ’ உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதால் அவையும் கணக்கில் வராது. இப்படிப் பார்த்தால் காதல் வாக்கியங்கள் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் வகையில் உருபு ஏறாமல் நிற்பவர் சொல்பவர். ‘மைன் தும்ஸே ப்யார் கர்தா ஹூன்’, ‘மைன் தும்ஹேன் சாஹ்தா ஹூன்’, ‘மைன் தும்ஹாரே பினா நஹீன் ரஹ் சக்தா’ எல்லாம் இதில் சேரும். பெண் சொன்னால் கர்தீ, சாஹ்தீ, சக்தீ.

இரண்டாவது வகையில் கேட்பவர் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். ‘உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதை இந்தியில் ‘நீ எனக்கு நல்லவளாகப் படுகிறாய்’ என்ற அமைப்பில் சொல்கிறார்கள்: ‘தும் முஜே அச்சீ லக்தீ ஹோ’. இங்கே சொல்பவர் ‘முஜே’ ஆகி ஒதுங்கிவிட்டார். எனவே பெண் ஒருத்தி ஆணிடம் இதைச் சொல்ல, ‘தும் முஜே அச்சே லக்தே ஹோ’ என்று அவனுடைய பாலுக்கு மாற்ற வேண்டும். என் மாணவிகளில் பாதிப் பேர் தங்கள் பாலை நினைத்துக்கொண்டு ‘அச்சீ லக்தீ’ என்றே எழுதுவார்கள். படிக்கிறவர் கண்ணில் அது ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதமாகிவிடும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. ஆணிடம் பேசும்போது ‘அச்சா லக்தா ஹோ’ என்று எழுதுவது. ‘தும்’ ஒருவரையே குறித்தாலும் இலக்கணத்தில் பன்மை, அதனால் ஆண்பாலில் ‘அச்சே லக்தே’ என்று ஏகாரத்தில்தான் முடியும். ‘தூ’ என்று நெருங்கினால்தான் ‘தூ முஜே அச்சா லக்தா ஹை’. மரியாதையாக ‘ஆப்’ என்றால் ‘ஆப் முஜே அச்சே லக்தே ஹைன்’. பெண்ணுக்கு இந்தத் தொல்லை குறைவு. தூ, தும், ஆப் மூன்றிலும் ‘அச்சீ லக்தீ’ அசையாமல் நிற்க, கடைசியில் ஹை, ஹோ, ஹைன் மட்டும் மாறும்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது, தமிழருக்கு மிக எளிதும்கூட. இதில் சொல்பவரும் கேட்பவரும் உருபு ஏறி ஓரமாக நிற்க, காதலே எழுவாய் ஆகிவிடும். ‘முஜே தும்ஸே ப்யார் ஹை’ என்பது ‘எனக்கு உன்மேல் காதல் இருக்கிறது’ என்ற நம் அமைப்புதான். ‘முஜே தும்ஹாரீ யாத் ஆதீ ஹை’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்: எனக்கு உன் நினைவு வருகிறது. நம் ஊர் வாக்கியமே இந்தி உடை போட்டு வந்தது போல இருக்கும்.

ஆனால் இந்தியில் காதலுக்கும் பால் உண்டு. ‘ப்யார்’ ஆண்பால், ‘இஷ்க்’ ஆண்பால், ‘மொஹப்பத்’ பெண்பால், ‘யாத்’ பெண்பால். ஆகவே ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் ‘முஜே தும்ஸே ப்யார் ஹோ கயா ஹை’. இருவரில் யார் சொன்னாலும் ‘முஜே தும்ஸே மொஹப்பத் ஹோ கயீ ஹை’. பெண் சொல்கிறாள் என்பதற்காக ‘ப்யார் ஹோ கயீ’ என்று எழுதினால் தவறு. அதேபோல் ஆண் என்பதற்காக ‘யாத் ஆதா ஹை’ என்று மாற்றக் கூடாது. உயிரே என்ற பொருளில் கொஞ்சும் ‘மேரீ ஜான்’ என்பதும் இப்படித்தான். ஜான் பெண்பால் சொல்லானதால், மீசை வைத்த ஆளைக் கொஞ்சினாலும் அது ‘மேரீ ஜான்’.

சொல்பவர் தம் பாலை வெளிக்காட்ட விரும்பாத இடத்தில் இந்த வகை கைகொடுக்கும். ஆணும் பெண்ணும் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாட வேண்டிய பாட்டுக்கும் இது வசதி, ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம்.

‘நே’ ஏறும் இறந்த காலத்துக்குப் போனால் முதல் வகையும் இதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘மைன்னே’ என்று ‘நே’ ஏறியதும் சொல்பவர் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறார். ஆண் பெண் இருவருக்கும் ‘மைன்னே தும்ஸே ப்யார் கியா’. மொஹப்பத் என்றால் இருவருக்கும் ‘கீ’. ‘மைன்னே தும்ஹேன் சாஹா’ என்பதில் ‘மைன்னே’, ‘தும்ஹேன்’ இரண்டிலும் உருபு இருக்கிறது. இசைவதற்கு யாரும் மிஞ்சாததால் வினை பொதுவாக ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். பெண் பெண்ணிடம் சொன்னாலும் ‘சாஹா’ தான், ‘சாஹீ’ அல்ல.

இவற்றையெல்லாம் தனித்தனியாகப் படித்தால் தங்காது. நான் வகுப்பில் கொடுக்கும் பயிற்சி, ஆண் ஒருவன் பெண்ணுக்கு எழுதிய சிறு கடிதத்தைப் பெண் ஆணுக்கு எழுதியதாக மாற்றுவது. கடிதம் இது:

‘மைன் தும்ஸே பஹுத் ப்யார் கர்தா ஹூன். தும் முஜே பஹுத் அச்சீ லக்தீ ஹோ. ஹர் வக்த் தும்ஹாரீ யாத் ஆதீ ஹை. மைன் தும்ஹாரா இந்தஜார் கரூங்கா. மைன் தும்ஹாரா ஹூன். க்யா தும் முஜ்ஸே ஷாதீ கரோகீ?’

முதல் வாக்கியத்தில் சொல்பவர் மாறியதால் ‘கர்தீ ஹூன்’. இரண்டாவதில் கேட்பவர் மாறியதால் ‘அச்சே லக்தே ஹோ’. மூன்றாவதில் கை வைக்கவே கூடாது. அங்கே ஆட்சி செய்வது ‘யாத்’, அதன் பால் யார் எழுதினாலும் மாறாது. ‘தும்ஹாரீ’ என்பதில் உள்ள ஈகாரமும் காதலியைக் குறிப்பதில்லை, யாத் என்ற சொல்லுக்கு இசைந்தது.

நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டிலும் ‘தும்ஹாரா’ இருக்கிறது. ‘தும்ஹாரா இந்தஜார்’ என்பதில் அது இந்தஜாரைச் சேர்ந்தது. காத்திருத்தலைக் குறிக்கும் அந்தச் சொல் ஆண்பால். எனவே ‘மைன் தும்ஹாரா இந்தஜார் கரூங்கீ’ என்று வினை மட்டும் மாறும். ‘மைன் தும்ஹாரா ஹூன்’ என்பதில் பின்னால் பெயர் எதுவும் இல்லை, ‘நான் உன்னுடையவன்’ என்று சொல்பவரையே அது குறிக்கிறது. ஆகவே ‘மைன் தும்ஹாரீ ஹூன்’. இந்த இரண்டையும் சரியாக எழுதிவிட்ட மாணவரிடம் நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை, விஷயம் பிடிபட்டுவிட்டது என்று பொருள். கடைசி வாக்கியத்தில் திருமணம் செய்துகொள்ள வேண்டியவர் கேட்பவர் என்பதால் ‘கரோகே’. ஷாதீ பெண்பால் சொல்தான், ஆனால் இங்கே ‘தும்’ உருபு ஏறாமல் எழுவாயாக இருக்கும்போது அதற்குப் பேச்சில்லை. இப்படி உருபு இல்லாத பெயர் இரண்டு இருந்தால், செய்பவரே முந்துவார்.

கேள்வி பதிலாகப் பழகுவதும் நல்ல வழி. ‘க்யா தும் முஜ்ஸே ப்யார் கர்தீ ஹோ?’ என்று கேட்டால் ‘ஹான், கர்தீ ஹூன்’ என்று பதில் வரும். காதலிக்கும் ஆள் இரண்டிலும் ஒருவரே என்பதால் ‘கர்தீ’ மாறவில்லை. ஆணைக் கேட்டால் ‘கர்தே ஹோ’, அவன் பதில் ‘கர்தா ஹூன்’.

கடிதத் தொடக்கத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. ஆணை விளித்து எழுதும்போது ‘மேரா ப்யாரா’ அல்ல, ‘மேரே ப்யாரே’. விளியில் ஆகாரம் ஏகாரமாகத் திரியும். பெண்ணுக்கு ‘மேரீ ப்யாரீ’ என்பதில் மாற்றம் இல்லை. ‘சுந்தர்’ போல மெய்யில் முடியும் அடைமொழிகள் யாருக்கும் மாறுவதில்லை, அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

‘நாம்’ என்று சேர்த்துச் சொல்லும்போது, ஆணும் பெண்ணும் கலந்த இணைக்கு ‘ஹம் ஏக் தூஸ்ரே ஸே ப்யார் கர்தே ஹைன்’. இருவரும் பெண்களானால் ‘கர்தீ ஹைன்’. உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் பீகாரிலும் ஒருவரே தம்மை ‘ஹம்’ என்று சொல்லிக்கொள்வது வழக்கம், அப்போது பெண்களும் பெரும்பாலும் ‘ஹம் கர்தே ஹைன்’ என்றே பேசுவார்கள். அங்கிருந்து வந்த தோழி அப்படிச் சொன்னால் திருத்தப் போகாதீர்கள். தேர்வுத் தாளில் மட்டும் பெண்பாலுக்கு ‘கர்தீ ஹைன்’ என்றே எழுதுங்கள்.